பிழையான விடைதான் எனக்கு வேண்டியது

ஹட்டன் பக்கம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நிலைக்குத்தாக மேலே எறிந்த பந்தில் உள்ள விசை பற்றிய பழைய வினாவில் 5 N, 10 N, 15 N, 20 N என்று வெறும் எண்கள்தான் தெரிவுகள். பிள்ளை பிழையாகத் தெரிவு செய்தாலும் ஏன் என்று எனக்கு விளங்காது.

அதனால் தெரிவே கொடுக்காமல், பந்து கையை விட்டு ஏறும்போது அதில் தாக்கும் விசைகளை அம்புக்குறியால் வரையச் சொன்னேன் (வளித்தடை இல்லை என்று வைத்து). பலர் கீழ்நோக்கி ஈர்ப்பையும், மேல்நோக்கி "எறிந்த விசை" என்று இன்னொன்றையும் வரைந்தார்கள். அந்தச் சொற்களையே தெரிவாக்கினேன்: ஈர்ப்பு மட்டும்; ஈர்ப்புடன், குறைந்துகொண்டே போகும் மேல்நோக்கிய விசை; மேல்நோக்கிய விசை மட்டும்.

இரண்டாவதைத் தெரிவு செய்யும் பிள்ளை, இயங்க விசை வேண்டும் என்று நம்புகிறது. ஆனால் சிலர் வேகத்தைத்தான் விசை என்று சொல்கிறார்கள், அதைப் பிரிக்க உச்சிப் புள்ளியைப் பற்றி இன்னொரு வினா வேண்டும். அங்கே "விசை பூச்சியம்" என்றால், வேகம் பூச்சியமாவதோடு விசையும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அப்புறம், சரியான விடை மட்டும் நீளமாக இருந்தால் வினாவே வீண், நீளத்தைப் பார்த்தே தெரிந்துவிடுவார்கள்.