மிச்சத்தில் போய் விழும் தவறுகள்: வளர்ச்சிக் கணக்குப் போடும்போது

பினாங்கில் பல்கலைக்கழக முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் பொருளியல் டியூஷன் எடுக்கிறேன். வளர்ச்சிக் கணக்கு வரும்போதெல்லாம் வெண்பலகையில் ஒரே கேள்வியைத்தான் எழுதுவேன். ஒரு நாட்டின் உற்பத்தி ஓராண்டில் 5 விழுக்காடு வளர்ந்தது. மூலதனம் 6 விழுக்காடும் உழைப்பு 2 விழுக்காடும் கூடின. வருமானத்தில் மூலதனத்தின் பங்கு 0.4, உழைப்பின் பங்கு 0.6. ஒவ்வொன்றும் வளர்ச்சிக்கு எவ்வளவு கொடுத்தது?

விடை இரண்டு வரிதான். மூலதனத்தின் பங்களிப்பு 0.4 × 6 = 2.4 புள்ளி. உழைப்பின் பங்களிப்பு 0.6 × 2 = 1.2 புள்ளி. இரண்டும் சேர்ந்து 3.6. உற்பத்தியின் 5-இல் இதைக் கழித்தால் 1.4 மிஞ்சுகிறது. அந்த மிச்சத்துக்குத்தான் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்று பெயர்.

இந்த 1.4-ஐ யாரும் அளந்து பார்ப்பதில்லை. கழித்து எடுக்கிறோம், அவ்வளவுதான். அதனால் மேலே எங்கே சறுக்கினாலும் பிழை சத்தமில்லாமல் மிச்சத்தில் போய்ச் சேர்ந்துவிடும். விடைத்தாளைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

போன தவணையில் ஒரு பையன் 5-ஐ 40க்கு 60 என்று பிரித்து, மூலதனம் 2, உழைப்பு 3 என்று எழுதிவிட்டு, "சரியா வந்திடுச்சு சார், மிச்சமே இல்ல!" என்று சிரித்தான். வராமல் எங்கே போகும்? பங்குகள் இரண்டும் சேர்ந்தால் எப்போதும் 1 தானே. எந்த நாட்டு எண்ணைக் கொடுத்தாலும் இந்த வழியில் மிச்சம் பூஜ்யமாகத்தான் வரும். 0.4 என்பது வளர்ச்சியைப் பங்கு போடும் கத்தி அல்ல. மூலதனம் 1 விழுக்காடு கூடினால் உற்பத்தி ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும் என்பதே அதன் பொருள். ஆகவே ஒவ்வொரு பங்கையும் அந்தந்தக் காரணியின் வளர்ச்சியோடுதான் பெருக்க வேண்டும்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது. அந்த 6 விழுக்காடு எதன் வளர்ச்சி? ஏற்கெனவே நிற்கும் எந்திரங்கள், கட்டடங்கள், சாலைகள் எல்லாவற்றின் இருப்பு வளர்ச்சி. செய்தியில் வருவதோ "முதலீடு 10 விழுக்காடு உயர்ந்தது" என்ற எண். அதை எடுத்து அப்படியே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். நம் வெண்பலகை நாட்டின் ஆண்டு உற்பத்தி 100, மூலதன இருப்பு 300 என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டு முதலீடு 30, இந்த ஆண்டு 33. முதலீடு 10 விழுக்காடு கூடியது உண்மைதான். ஆனால் இருப்பில் 5 விழுக்காடு, அதாவது 15, தேய்ந்து போகிறது. புதிதாகச் சேர்ந்தது 33 − 15 = 18. 300-க்கு 18 என்றால் 6 விழுக்காடு. 6-க்குப் பதில் 10-ஐப் போட்டால் மூலதனத்தின் பங்களிப்பு 4 ஆகி, மிச்சம் −0.2 ஆகிவிடும். உற்பத்தித்திறன் வளர்ந்த ஒரு நாடு, தாளில் பின்னால் போனதாக ஆகிவிடுகிறது.

இதெல்லாம் தேர்வுத் தவறுகள். எண்களைக் கையில் கொடுத்துவிட்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். கேள்வித்தாளை விட்டு உண்மையான நாட்டுக் கணக்கைத் தொடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வருமானப் பங்கை எங்கிருந்து எடுப்பது?

மலேசியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை வருமான வழியில் பார்த்தால், ஊழியர் ஊதியத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. உடனே "உழைப்பின் பங்கு 0.35, மூலதனத்துக்கு 0.65" என்று எழுதத் தோன்றும். அங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

புலாவ் தீக்குஸ் சந்தைப் பக்கம் விடிகாலையில் அப்பம் சுடும் ஓர் அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தள்ளுவண்டி, வரிசையாகச் சின்னச் சட்டிகள், கரி அடுப்பு. மாவு கரைப்பதும் சுடுவதும் மடித்துக் கொடுப்பதும் அவரேதான். மாவு, தேங்காய், கரிச் செலவு போக மிஞ்சுவது அவர் வருமானம். அதில் பெரும்பகுதி அவர் உடம்பு உழைப்புக்கான கூலி. வண்டிக்கும் சட்டிக்கும் சேர வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அவர் யாரிடமும் சம்பளம் வாங்குவதில்லை. அதனால் அவருடைய வருமானம் 'ஊழியர் ஊதியம்' என்ற வரியில் வராது. தனக்குத்தானே முதலாளியாக இருப்பவர்களின் வருமானத்துக்குத் தேசியக் கணக்கில் கலப்பு வருமானம் என்று பெயர். பெரும்பாலும் அதை நிறுவனங்களின் லாபத்தோடு சேர்த்து ஒரே வரியாகக் காட்டிவிடுவார்கள். ஊதியம் போக மீதியெல்லாம் மூலதனத்துடையது என்று எடுத்தால், அந்த அண்ணனின் கை உழைப்பு முழுவதும் தள்ளுவண்டியின் பெயரில் எழுதப்பட்டுவிடும். டாக்ஸிக்காரர், சந்தையில் மீன் விற்பவர், வீட்டிலேயே ரவிக்கை தைக்கும் அக்கா என்று எல்லோருக்கும் இதே கதிதான்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று பார்ப்போம். என் பலகை நாட்டில் 100 ரிங்கிட் வருமானத்தில் ஊதியம் 35, கலப்பு வருமானம் 20, நிறுவன லாபம் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். கலப்பு வருமானம் முழுவதையும் மூலதனத்தில் போட்டால் உழைப்பின் பங்கு 0.35. முழுவதையும் உழைப்பில் போட்டால் 0.55. மற்ற இடங்களில் ஊதியமும் லாபமும் பிரியும் அதே 35க்கு 45 விகிதத்தில் இதையும் பிரித்தால் 35/80, சுமார் 0.44. வளர்ச்சி எண்கள் பழையவைதான்: 5, 6, 2. இப்போது மிச்சம் முறையே 0.4, 1.2, 0.75. யாரும் புதிதாக ஓர் எந்திரம் வாங்கவில்லை, ஒருவரும் கூடுதலாக வேலை செய்யவில்லை. ஆனால் உற்பத்தித்திறன் வளர்ச்சி மூன்று மடங்கு வரை மாறிவிட்டது.

இதில் நான் எப்போதும் காட்டும் ஒன்று உண்டு. மேலே உள்ள கணக்கைச் சுருக்கினால், மிச்சம் = 4 × உழைப்பின் பங்கு − 1 என்று வரும். அந்த 4 எங்கிருந்து வந்தது? மூலதன வளர்ச்சிக்கும் உழைப்பு வளர்ச்சிக்கும் உள்ள இடைவெளி, 6 − 2. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்ந்திருந்தால் பங்கை எப்படித் தப்பாக எடுத்தாலும் மிச்சம் அசையாது. இடைவெளி பெரிதாகப் பெரிதாகப் பங்கில் உள்ள சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும். உழைப்பைவிட வெகு வேகமாக மூலதனம் சேரும் நாட்டின் கணக்கை யாராவது நீட்டினால், நான் முதலில் கேட்பது அவர்கள் எடுத்த பங்கைத்தான்.

பங்கும் சரி, இருப்பும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் மிச்சத்தைத் 'தொழில்நுட்பம்' என்று படித்துவிடக் கூடாது. பொருளியலாளர் மோசஸ் ஆப்ரமோவிட்ஸ் 1956-லேயே இதை நம் அறியாமையின் ஒருவகை அளவு என்றார். அவர் சொன்னது எனக்கு 2020-இல்தான் உறைத்தது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு மலேசியாவின் உற்பத்தி 5 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. ஹோட்டல்கள் நின்ற இடத்தில் நின்றன, அறைகள்தான் காலி. பேருந்துகள் டிப்போவில் கிடந்தன. இருப்புக் கணக்கு அவற்றையெல்லாம் மூலதனமாக எண்ணிக்கொண்டுதான் இருந்தது. வேலையில் இருப்பவர்களைத் தலை எண்ணி எடுத்தால், வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவரும் ஒரு தலைதான். உற்பத்தி விழுந்தும் காரணிகள் அவ்வளவாக விழாததால், வித்தியாசம் மிச்சத்தில் இறங்கியது. நாட்டின் அறிவு ஓராண்டில் மங்கிவிட்டதா என்ன? அறைகள் பூட்டியிருந்தன. தலைக்குப் பதில் வேலை நேரத்தை எடுத்தால் இந்தச் சரிவில் ஒரு பகுதி உழைப்பின் வரிக்குத் திரும்பும். எந்திரமும் கட்டடமும் எத்தனை நாள் ஓடின என்பதைச் சேர்க்க முடிந்தால் இன்னொரு பகுதி மூலதனத்தின் வரிக்குப் போகும். கட்டுப்பாடு தளர்ந்து அறைகள் நிரம்பியபோது மிச்சம் மேலே ஏறியதே, அதற்கும் இதே வாசிப்புதான்.