ஏழு நாள் குப்பையும் இரண்டு கடிதமும்

2023 ஜூனில் எங்கள் தெருவுக்கு ஏழு நாள் குப்பை வண்டி வரவில்லை. முனையில் கிடந்த பைகளை நாய்கள் கிழித்துப்போட, மழைத் தண்ணீரில் சோறும் முட்டை ஓடும் மிதந்து சாக்கடை வாயை அடைத்துக்கொண்டன.

கோபத்தில் நகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க "சுகாதாரச் சீர்கேடு" என்று புலம்பல்தான். தபால் பிரிவில் இருந்த அம்மா படித்துவிட்டு, "எந்த வார்டு சார்? எந்த நாளிலிருந்து?" என்று கேட்டார். இரண்டுமே அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து மறுபடி எழுதினேன். வார்டு எண், தெருப் பெயர், கடைசியாக வண்டி வந்த தேதி, குப்பை குவிந்திருக்கும் இடத்துக்கு அடையாளமாக மின்கம்ப எண், அவ்வளவுதான். வீடு வீடாகக் குப்பை சேகரிப்பது உள்ளாட்சியின் கடமை என்கிற 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளை ஒரு வரியில் சொன்னேன். கோரிக்கை இரண்டு: குவியலை அகற்ற வேண்டும், வண்டி வரும் நேரத்தைச் சொல்ல வேண்டும். பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். நகல் ஒன்றைத் துப்புரவு ஆய்வாளருக்குக் கொடுத்தேன். இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். முதல் தடவை இதையும் விட்டிருந்தேன்.

மறுநாள் ஆய்வாளரே வந்தார். பேட்டரி வண்டி பழுதாம். பக்கத்து வார்டு வண்டி முட்டுச்சந்தான எங்கள் தெருவை விட்டுவிட்டதாம். அன்று மாலையே குவியலை அள்ளினார்கள். இப்போது காலை ஏழரைக்கு விசில் சத்தம் கேட்கிறது.