முகம் பொருந்தவில்லை என்று டேட்டிங் செயலி கணக்கை நீக்கிவிட்டதா? மறுபரிசீலனை கேட்கும் முறை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் சித்தி மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, என் புரொஃபைலைத் தூக்கிவிட்டார்கள். நான் போலி ஆளாம்" என்றாள். குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறாள். முந்தைய நாள் இரவு செயலி செல்ஃபி வீடியோ எடுத்துச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறது. மூன்று முறை முயன்றாள், மூன்றும் தோற்றன. காலையில் கணக்கே இல்லை.

அந்தக் கணக்கைத் திரும்பப் பெற நாங்கள் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். முதல் முறையாக இதில் மாட்டிக்கொண்டவர்கள் அப்படியே பின்பற்றலாம்.

1. முதல் ஒரு மணி நேரம்: எதையும் அழிக்காதீர்கள்

திரையில் வந்திருக்கும் அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள். சரிபார்ப்பு தோற்பது வேறு, கணக்கை நீக்குவது வேறு. சரிபார்ப்பு மட்டும் தோற்றிருந்தால் பெரும்பாலும் மீண்டும் முயலும் பொத்தான் இருக்கும். அப்போது முறையீடே தேவையில்லை, நேராக ஐந்தாம் படிக்குப் போய்விடலாம். கணக்கு நீக்கப்பட்டிருந்தால் உள்ளேயே நுழைய முடியாது. விதிகளை மீறியதாக ஒரு வாசகம் இருக்கும். அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்னஞ்சல் வந்திருந்தால் அதைத் தனியாக வையுங்கள். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

அடுத்து, பதற்றத்தில் எல்லோரும் செய்ய நினைக்கும் ஒரு காரியத்தைத் தவிர்க்க வேண்டும். வேறு எண்ணில் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். நீக்கப்பட்டவர் மறுபடி நுழைவதைப் பல செயலிகள் தனிக் குற்றமாகவே வைத்திருக்கின்றன. போன், எண், முகம் என ஏதோ ஒன்றை வைத்துக் கண்டுபிடித்துவிட்டால், இதுவரை தவறு செய்யாத நீங்கள் இப்போது உண்மையிலேயே விதியை மீறியவர் ஆகிவிடுவீர்கள். முறையீட்டில் உங்கள் பக்கம் இருந்த நியாயம் அங்கேயே போய்விடும்.

கட்டணச் சந்தா இருந்தால் இன்னொரு வேலை. செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் வலது மேல்மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions பகுதியில் அடுத்த மாதக் கட்டணத்தை நிறுத்துங்கள். கடந்த 48 மணி நேரத்துக்குள் பணம் கட்டியிருந்தால் கூகுளிடமே திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் reportaproblem.apple.com பக்கத்தில் கேட்க வேண்டும்.

2. எந்தப் படத்தோடு பொருந்தவில்லை என்று கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். இதைத் தவிர்த்துவிட்டு எழுதும் முறையீடு "நான் உண்மையான ஆள்தான், நம்புங்கள்" என்ற அளவில் நின்றுவிடும். போலிக் கணக்கு நடத்துபவரும் அதே வாக்கியத்தைத்தான் எழுதுவார்.

சரிபார்ப்பில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கேமராவுக்கு முன்னால் இருப்பது உயிருள்ள ஒரு மனிதரா, அல்லது படத்தையோ திரையையோ காட்டுகிறார்களா என்பது முதல் கேள்வி. வட்டத்துக்குள் முகத்தை வைத்து அருகே கொண்டுவரச் சொல்வதும், தலையைத் திருப்பச் சொல்வதும் இதற்காகத்தான். அந்த முகம் புரொஃபைலில் உள்ள படங்களின் முகத்தோடு ஒத்துப்போகிறதா என்பது இரண்டாவது. கண், மூக்கு, தாடை ஆகியவற்றின் அமைப்பை எண்களாக மாற்றி, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுகிறார்கள். ஒற்றுமை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் தோல்வி. நீங்கள் யார் என்பது அந்த ஒப்பீட்டுக்குத் தெரியாது. உங்கள் படங்களும் வீடியோவும் ஒருவரையே காட்டுகின்றனவா என்பதை மட்டும் பார்க்கிறது.

பம்பிள் 2016-இலும் டிண்டர் 2020-இலும் புகைப்படச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தபோது அது விரும்பினால் பெறும் அடையாளமாகத்தான் இருந்தது. இப்போது சில இடங்களில் நுழைவதற்கே அது கட்டாயம். அதனால்தான் தோல்வியின் விளைவும் பெரிதாகிவிட்டது.

சித்தி மகளின் ஆறு படங்களையும் கேலரியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தோம். முதல் படம் கொடைக்கானலில் தோழிகள் மூவர் சேர்ந்து எடுத்தது. இரண்டாவது அக்கா கல்யாணத்தில் முழு ஒப்பனையோடு, நெற்றிச்சுட்டி புருவம் வரை இறங்கியிருந்தது. மூன்றாவதில் மெரினாவில் கடலைப் பார்த்து நிற்கிறாள். பக்கவாட்டு முகம் மட்டுமே தெரிகிறது. நான்காவதில் ஸ்கூட்டரில் கறுப்புக் கண்ணாடி. ஐந்தாவது படத்துக்கு ஃபில்டர் போட்டிருந்தாள். தாடை மெலிந்து, கண்கள் பெரிதாகியிருந்தன. ஆறாவது கல்லூரிக் காலத்துப் படம், இடுப்பு வரை முடி. இப்போது அவள் தோளோடு முடி வெட்டி, பவர் கண்ணாடி அணிந்திருக்கிறாள்.

ஆறும் அவள்தான். ஆனால் இன்றைய அவள் முகம், நேராக, மறைவில்லாமல், தனியாக ஒன்றில்கூட இல்லை. நானே அதைப் பார்த்தபோதுதான் செயலி ஏன் குழம்பியது என்று புரிந்தது.

வீடியோ எடுத்த விதத்தையும் கேட்டேன். அறைத்தோழி தூங்கியதால் குழல்விளக்கை அணைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த மேசைவிளக்கு வெளிச்சத்தில் இரவு பதினொரு மணிக்கு எடுத்திருக்கிறாள். பின்னால் வெளிச்சம் இருந்தால் கேமரா அதற்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், முகம் இருண்டுவிடும்.

3. முறையீட்டுக் கடிதம்

நுழைவுத் திரையிலோ நீக்க மின்னஞ்சலிலோ Appeal என்ற இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் செயலியின் உதவிப் பக்கத்தில் உள்ள படிவம். எதுவானாலும் பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்து, அதே தொலைபேசி எண்ணைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். வேறு முகவரியிலிருந்து வந்தால் கணக்கைத் தேடிப் பிடிப்பதே சிரமம்.

படிப்பவருக்கு உங்களுக்காக ஒதுக்க நேரம் குறைவு. அவர் கேட்கப்போகும் கேள்விக்கு விடையைக் கையில் கொடுங்கள். நாங்கள் எழுதியதன் சாரம் இது:

"என் கணக்கு 14-ஆம் தேதி காலை நீக்கப்பட்டிருந்தது. முந்தைய இரவு மூன்று முறை முகச் சரிபார்ப்பு தோல்வியடைந்தது. கணக்கில் உள்ள ஆறு படங்களிலும் இருப்பவள் நான். முதல் படத்தில் இடமிருந்து இரண்டாவதாக நிற்கிறேன். 2, 4, 5 ஆகிய படங்களில் ஒப்பனை, கறுப்புக் கண்ணாடி, ஃபில்டர் ஆகியவற்றால் முகம் மாறியோ மறைந்தோ இருக்கிறது. மூன்றாவது படத்தில் முகம் பக்கவாட்டில் உள்ளது. ஆறாவது பழைய படம். அதன் பிறகு முடி வெட்டிக்கொண்டேன், கண்ணாடி அணிகிறேன். சரிபார்ப்பு வீடியோ மிகக் குறைந்த வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. ஒரு மனிதர் இதை மீண்டும் பார்க்க வேண்டும் என்றும், நல்ல வெளிச்சத்தில் சரிபார்ப்பை மறுபடி செய்ய அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு திறந்ததும் இந்தப் படங்களை மாற்றிவிடுகிறேன். வேறு விதிமீறல் காரணமாக இருந்தால் எந்த விதி என்று தெரிவிக்கவும்."

படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் இதையே சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சில நேரம் நீக்கத்துக்கு உண்மைக் காரணம் யாரோ கொடுத்த புகாராக இருக்கும். முகத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் அது தெரியாமலே போய்விடும்.

ஆதார் அட்டையைக் கேட்காமல் இணைக்க வேண்டாம். அடையாளச் சான்று கேட்டால், செயலியின் சொந்தப் பதிவேற்றப் பக்கத்தில் மட்டும் கொடுங்கள். ஆதாரை ஏற்கிறார்கள் என்றால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவிறக்கிக்கொள்ளலாம். டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் "கணக்கை மீட்டுத் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்கள் வருவார்கள். ஓ.டி.பி. கேட்பார்கள். அவர்களுக்குப் பதிலே சொல்லாதீர்கள்.

4. "முடிவு இறுதியானது" என்று பதில் வந்தால்

எங்களுக்கு இரண்டாம் நாள் அப்படித்தான் வந்தது. மூன்று வரி, கடிதத்தில் சொன்ன எதற்கும் பதில் இல்லை. சித்தி மகள் அத்தோடு விட்டுவிடலாம் என்றாள். விடக் கூடாது. ஏனென்றால் இந்தியாவில் அதற்கு மேலே இரண்டு படிகள் இருக்கின்றன.

2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இப்படிப்பட்ட செயலிகள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிட வேண்டும். செயலியின் இணையதளத்தில் கீழே, Grievance Officer என்ற தலைப்பில் தேடுங்கள். பல இடங்களில் அது தனியுரிமைக் கொள்கைக்குள் புதைந்திருக்கும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்த்துவைக்க அந்த விதிகள் வந்தபோது வைத்த கெடு 15 நாள். முதல் கடிதம், அதற்கு வந்த பதில், ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். புகார் எண் வந்தால் குறித்துவையுங்கள்.

அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. முகவரி gac.gov.in. எல்லாமே இணையம் வழியாகத்தான். குறைதீர்ப்பு அதிகாரியின் பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் போக வேண்டும். அதிகாரியிடம் போகாமல் நேரே இங்கே வந்தால் எடுபடாது. முதல் நாளிலிருந்தே தேதிகளையும் மின்னஞ்சல்களையும் சேர்த்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எங்களுக்கு மேல்முறையீடு வரை போகும் அவசியம் வரவில்லை. அதிகாரிக்கு எழுதிய ஏழாம் நாள் கணக்கு திறந்தது. ஒரே ஒரு முறை சரிபார்ப்பைச் செய்யலாம் என்றார்கள்.

5. இரண்டாம் வாய்ப்பை வீணாக்காமல் எடுப்பது

வீடியோவுக்கு முன்பே படங்களை மாற்றிவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் புது முகத்தைப் பழைய படங்களோடுதான் மறுபடி ஒப்பிடுவார்கள். சித்தி மகள் குழுப் படம், ஃபில்டர் படம், ஸ்கூட்டர் படம், கல்லூரிப் படம் நான்கையும் நீக்கினாள். அன்றைக்கே கண்ணாடி இல்லாமல் ஒன்று, கண்ணாடியோடு ஒன்று என இரண்டு நேர்முகப் படங்களை நான் எடுத்துக் கொடுத்தேன். எடுக்கும் முன் போன் கேமராவில் தானாகவே ஓடும் அழகூட்டும் வசதியை அணைத்தோம்; பல போன்களில் அது நம்மைக் கேட்காமலே தோலை வழுவழுப்பாக்கி முகத்தை மெலிய வைக்கிறது. கல்யாணப் படத்தை நீக்க அவளுக்கு மனமில்லை. அதைக் கடைசிக்குத் தள்ளினோம்.

பிறகு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தேன். வெளிச்சம் முகத்தில், சுவர் முதுகில். முன்கேமராவைத் துப்பட்டா முனையால் துடைத்தாள். விரல் எண்ணெய் படிந்து மங்கலாக இருந்தது. கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலித்ததால் அதைக் கழற்றினாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். போனைக் கண் மட்டத்தில் பிடித்து, வட்டத்துக்குள் முகம் நிற்கும்வரை காத்திருந்து, மெதுவாக அருகே கொண்டுவந்தாள்.

சில நொடிகளில் பச்சை அடையாளம் வந்தது. "அக்கா, நான் நான்தானாம்" என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாக அந்தக் கொடைக்கானல் படத்தில் இருந்த இரண்டு தோழிகளுக்கும் அழைத்துச் சொன்னாள்.