பின்சீட்டில் இருப்பவருக்கு அடிபட்டால் உங்கள் பாலிசி பணம் தருமா? பார்ப்பது இப்படித்தான்

போன வருஷம் நாய் குறுக்கே வந்து நான் பிரேக் பிடிக்க, பைக் சறுக்கி, பின்னால் இருந்த நண்பருக்குக் கால் எலும்பு முறிந்தது. பாலிசி நடப்பில்தானே இருக்கிறது என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் தைரியமாகக் கேட்டால், "இது தேர்டு பார்ட்டி மட்டும் சார், பின்னால் உட்கார்ந்தவர் இதில் வரமாட்டார்" என்றார்கள். விலை குறைவு என்று ஆன்லைனில் நான் புதுப்பித்தது அதைத்தான்.

முதலில் பாலிசி பி.டி.எஃப்-இன் முதல் பக்கத் தலைப்பைப் பாருங்கள். `Liability Only` என்று இருந்தால், ரோட்டில் போகிறவருக்கும் எதிரே வருகிற வண்டிக்காரருக்கும்தான் காப்பு. உங்களோடு சும்மா வருகிறவர் கட்டாயக் காப்பீட்டில் அடங்க மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் திலக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. `Package` அல்லது `Comprehensive` என்று இருந்தால் பைக்கின் பின்சீட்டுக்காரர், காரில் வருகிறவர்கள் எல்லோருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு. இதை இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏ 2009 நவம்பர் சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்திவிட்டது. புது பைக்கின் ஐந்து வருஷ பாலிசி என்பது தேர்டு பார்ட்டிக்குத்தான். உங்கள் வண்டிக்கான சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும், அதன்பிறகு மிஞ்சுவது வெறும் தேர்டு பார்ட்டிதான், அந்தத் தேதியைத் தனியாகப் பாருங்கள்.

அடுத்து, தவறு யாருடையது? லாரி வந்து இடித்திருந்தால் என் நண்பர் அந்த லாரிக்கு மூன்றாம் நபர், அதன் இன்சூரன்ஸிடம் கேட்கலாம், என் பாலிசி எந்த வகை என்பது அங்கே பொருட்டே இல்லை. தானாகச் சறுக்கி விழுந்ததால்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

அப்புறம் பிரீமியம் பட்டியலில் `IMT 16` இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் குறிப்பிடாத பயணிக்கான விபத்துக் காப்பு அது. நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டது இதைத்தான். மரணம், கை கால் இழப்பு, பார்வை இழப்பு, நிரந்தர முழு ஊனம் இவற்றுக்கு மட்டுமே அது பணம் தரும். எலும்பு முறிந்து பிளேட் வைத்த செலவுக்கு ஒரு ரூபாய்கூட வராது. அதனால் அதை மட்டும் சேர்த்துவிட்டுத் தேர்டு பார்ட்டியிலேயே இருக்காதீர்கள், பேக்கேஜ்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பேக்கேஜ் இருந்தாலும் ஆஸ்பத்திரி பில்லைக் கொடுத்து உடனே பணம் வாங்க முடியாது. அடிபட்டவர் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும், சட்டம் தரும் காலம் ஆறு மாதம். முழு இழப்பீடு கேட்க ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். ஓட்டியவரைக் காப்பாற்ற நினைத்து எஃப்ஐஆரில் கதையை மாற்றினால் மனு அங்கேயே படுத்துவிடும். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டிலும் முதல் நாளே "பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்" என்று சரியாக எழுதச் சொல்லுங்கள்.

அப்டேட்: காருக்கும் இதே கதையா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஆமாம். ஆனால் வெள்ளை போர்டு காரில் ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கி ஏற்றியிருந்தால், பேக்கேஜ் பாலிசியிலும் அதைக் காட்டியே மறுப்பார்கள்.