ஜேர்மன் ஏ1 சோதனை: அறிவித்தல் பலகைகளை வாசிப்பது எப்படி?

ஜேர்மனியில் இருக்கும் கணவனோடோ மனைவியோடோ சேர விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் 2007 இலிருந்து ஜேர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 சான்றிதழ் எதிர்பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஜேர்மன் வகுப்புகளுக்கு வருகிறவர்களில் கனபேர் அதற்காகத்தான் வருகிறார்கள். பேச்சுக்கும் எழுத்துக்கும் ராப்பகலாகப் படிக்கும் இவர்கள், வாசிப்பை மட்டும் "அது லேசு" என்று விட்டுவிடுகிறார்கள். லேசுதான், ஆனால் புள்ளி போவதும் அங்கேதான்.

இந்தச் சோதனையை நடத்தும் கோதே நிறுவனத்தின் ஏ1 வாசிப்பில் மூன்று பகுதி, 15 கேள்வி, 25 நிமிடம். முதலாவதில் சிறு கடிதங்கள், இரண்டாவதில் விளம்பரங்கள், மூன்றாவதில் அறிவித்தல்கள். மூன்றாவது பகுதியில் ஐந்து பலகைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரேயொரு வசனம் இருக்கும். அது சரியா பிழையா என்று மட்டும் குறிக்க வேண்டும். இங்கே அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். பலகைக்கு மேலே அது எங்கே தொங்குகிறது என்று ஒரு சிறு வரி இருக்கும்: மொழிப் பாடசாலையில், உணவகத்தின் கதவில், ரயில் நிலையத்தில். கனபேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த வரி விளங்கினால், உள்ளே தெரியாத இரண்டு சொல் வந்தாலும் என்ன விஷயம் என்று ஊகிக்கலாம்.

அடுத்தது, பலகைக்கு முன் வசனத்தை வாசியுங்கள். என்ன நாள், எத்தனை மணி, யாருக்கு, என்ன செய்யலாம் என்று வசனம் சொல்வதில் முக்கியமானதுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு அதை மட்டும் பலகையில் தேடுங்கள். பலகை முழுவதையும் மனதுக்குள் தமிழில் மொழிபெயர்க்க வெளிக்கிட்டால் நேரம்தான் போகும்.

ஒரு உதாரணம். டொக்டரின் கதவில் இப்படி ஒரு பலகை:

> ஓகஸ்ட் 3 இலிருந்து 14 வரை மூடப்பட்டிருக்கும். 17 ஆம் திகதி முதல் மீண்டும் உங்களுக்காக இருப்போம்.

கீழே உள்ள வசனம்: "ஓகஸ்ட் 14 ஆம் திகதி நீங்கள் டொக்டரிடம் போகலாம்."

14 என்ற எண் பலகையில் இருக்கிறது, வசனத்திலும் இருக்கிறது. அதைக் கண்டவுடன் "சரி" என்று போடுவதுதான் வழக்கமான வழுக்கல். எண்ணைக் கண்டால் அதை ஒட்டி நிற்கும் சின்னச் சொல்லைப் பாருங்கள். ஜேர்மனில் 'பிஸ்' என்றால் வரை, 'அப்' என்றால் முதல். 14 வரை மூடல் என்றால் 14 உம் மூடல்தான். ஆகவே வசனம் பிழை. "17 ஆம் திகதி போகலாம்" என்று கேட்டிருந்தால் சரி.

இன்னும் மூன்று சின்னச் சொற்கள் இதேபோல விடையைத் தலைகீழாக்கும்: 'நூர்' என்றால் மட்டும், 'அவுசர்' என்றால் தவிர, 'கைன்' என்றால் இல்லை. "ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும்" என்ற உணவகப் பலகையில் ஞாயிறு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகிறவர்களை வகுப்பில் அடிக்கடி காண்கிறேன். மெனு வந்தால் விலையில் கவனம்: 8,50 என்பது எட்டரை யூரோ. நாங்கள் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கொமா வைப்பார்கள். நேரமும் 24 மணிக் கணக்கு, 18 என்றால் பின்னேரம் ஆறு மணி.

சொந்த அனுபவத்தைக் கலக்காதீர்கள். "டொக்டர் பூட்டினாலும் பின்னேரம் பிரைவேட்டாகப் பார்ப்பார்தானே" என்று ஒரு அக்கா கேட்டா. எங்கள் ஊரில் அது நியாயமான யோசனைதான். சோதனையிலோ, பலகை சொல்லாதது எதுவும் கணக்கில் இல்லை.

இரண்டாம் பகுதி விளம்பரங்களுக்கும் இதே வழிதான், ஆனால் அங்கே இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். உங்களுக்குப் பின்னேரத்தில் மட்டும் ஜேர்மன் படிக்க நேரம் என்று வைப்போம். ஒரு விளம்பரத்தில் 'ஜேர்மன் வகுப்பு' என்று பெரிதாக இருக்கும், நேரம் காலை 9 முதல் 12.30. மற்றதில் 'வேலை செய்வோருக்கான மொழிப் பயிற்சி, 18 மணி முதல்' என்று சாதாரணமாக இருக்கும். இரண்டாவதுதான் விடை. கேள்வியில் உள்ள சொல் அப்படியே விளம்பரத்திலும் இருந்தால் உடனே நம்பாதீர்கள், நிபந்தனை பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் பழக ஜேர்மன் பலகை தேடி அலையத் தேவையில்லை. நல்லூர்க் கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அதைப் பலகையாக எண்ணி, உங்களுக்குத் தெரிந்த ஜேர்மனில் ஒரு சரி வசனமும் ஒரு பிழை வசனமும் எழுதுங்கள். பிறகு மருந்துக் கடை நேரம், பஸ் நேரம் என்று போகலாம். பிழை வசனம் எழுதத்தான் கஷ்டமாக இருக்கும். ஒரு சின்னச் சொல்லை மாற்றி அதைப் பிழையாக்கப் பழகினால், சோதனைத் தாளில் மற்றவன் வைத்த பொறி கண்ணில் படும்.

கடைசியாக ஒன்று. விடைகளை விடைத்தாளில் குறிப்பதும் அந்த 25 நிமிடத்துக்குள்தான், அதற்கு மூன்று நிமிடமாவது வையுங்கள். பிழை விடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள், ஒரு பெட்டியையும் வெறுமையாக விடாதீர்கள்.