ரைட்ஸ் இஷ்யூ, பைபேக்: நூறு பங்கை வைத்து ஒரு கணக்கு

ஒரு கம்பெனியில் மொத்தம் 10 லட்சம் பங்குகள், விலை ₹200 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 100 பங்கு இருக்கிறது, அதாவது 0.01%. நாலுக்கு ஒன்று ரைட்ஸ் அறிவிக்கிறார்கள், அதாவது நாலு பங்கு வைத்திருப்பவர் ஒரு புதிய பங்கை ₹150-க்கு வாங்கலாம்.

'ஐம்பது ரூபாய் லாபம்' என்று தி.நகர் ஆடித் தள்ளுபடி போல இதைப் பார்க்கக்கூடாது. நாலு பழைய பங்கு ₹800, ஒரு புதியது ₹150. ஆக ஐந்து பங்குக்கு ₹950. ரைட்ஸ் உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் எக்ஸ் டேட்டில் விலை ₹190-ஐ ஒட்டி இறங்கும். பல ஆப்கள் இதை நஷ்டம் என்று சிவப்பில் காட்டும், பதறாதீர்கள். இந்தக் கணக்குக்கு ஆப்பை விட ஒரு துண்டுக் காகிதமே மேல்.

இனி, பலர் தடுக்கி விழும் இடம். பங்குதாரர் யார் என்று கணக்கெடுக்கும் ரெக்கார்ட் டேட்டில் பங்கு வைத்திருந்தால், டிமேட்டில் கம்பெனி பெயரோடு RE என்ற ஒட்டுடன் 25 யூனிட் வந்து உட்காரும். இது பங்கு அல்ல, பங்கு கேட்கும் உரிமை மட்டுமே. இதன் மதிப்பு 190-இல் 150 போக, ஏறக்குறைய ₹40.

செய்யக்கூடியது இரண்டுதான். ஒன்று, நெட் பேங்கிங்கில் ASBA என்ற விண்ணப்ப வசதி வழியாக 25 பங்குக்கு ₹3,750 கட்டி விண்ணப்பிப்பது. அப்போது உங்களிடம் 125 பங்கு, மொத்தம் 12.5 லட்சம், பங்குரிமை அதே 0.01%. இல்லையென்றால் RE-யைச் சந்தையில் விற்று சுமார் ₹1,000 வாங்கிக்கொள்வது. இரண்டும் செய்யாவிட்டால் RE காலாவதியாகும். ₹20,000 மதிப்பு ₹19,000 ஆகும், பங்குரிமையும் 0.008% ஆகக் குறையும்.

விற்பவர்கள் கவனிக்க: RE வர்த்தகம் இஷ்யூ முடியும் முன்பே நின்றுவிடும். ரிலையன்ஸின் 2020 ரைட்ஸ் ஜூன் 3-இல் முடிந்தது. RE விற்பனை மே 29-இலேயே முடிந்துவிட்டது.

பிற்சேர்க்கை: சந்தையில் RE வாங்கினாலே பங்கு வந்துவிடும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். வராது. ₹40 கொடுத்து வாங்கியவரும் ₹150 கட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பைபேக் இதற்கு நேர் எதிர், கம்பெனி தன் பங்கைத் தானே திரும்ப வாங்குவது. ரைட்ஸை மறந்துவிட்டு, மறுபடி 10 லட்சம் பங்கு, ₹200 விலை என்றே வைத்துக்கொள்வோம். அதே கம்பெனி 1 லட்சம் பங்கை ₹240-க்கு டெண்டர் முறையில், அதாவது விற்க முன்வரும் பங்குதாரர்களிடமிருந்து நேரடியாக, வாங்குகிறது. கஜானாவிலிருந்து ₹2.4 கோடி போகிறது, வாங்கிய பங்குகள் ரத்தாகின்றன. மொத்த மதிப்பு ₹20 கோடியில் மிச்சம் ₹17.6 கோடியை 9 லட்சத்தால் வகுத்தால் ஒரு பங்கு ₹195.56. பங்கு குறைந்தால் விலை ஏறும் என்பார்கள். சந்தை விலையை விட அதிகம் கொடுத்து வாங்கும்போது, தாளில் இறங்கத்தான் செய்யும்.

உங்கள் 100 பங்கில் 10-ஐ டெண்டர் செய்து கம்பெனி எடுத்துக்கொண்டால் ₹2,400 கைக்கு வரும், மீதி 90 பங்கு ₹17,600. கூட்டினால் ₹20,000, பங்குரிமையும் 0.01%. சும்மா இருந்தால் பங்குரிமை 0.0111% ஆக ஏறும், ஆனால் மதிப்பு ₹19,556 ஆகும். வரிக் கணக்கு இதில் சேரவில்லை. ரெக்கார்ட் டேட்டில் ₹2 லட்சம் மதிப்பு வரை வைத்திருப்பவர்களுக்கு பைபேக்கில் 15% ஒதுக்கீடு உண்டு. அதில் கம்பெனி பத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ள வாய்ப்பிருப்பதால், பத்தோடு நிறுத்தாமல் கூடுதலாகவே டெண்டர் போடலாம். எடுக்காதவை டிமேட்டுக்கே திரும்பிவிடும்.