தான்சானிய முந்திரி வணிகருக்கு முதல் கடிதம்

பதப்படுத்தாத முந்திரிக்கொட்டைக்கு விலை கேட்டுத் தான்சானியாவின் மத்வாரா பகுதி வணிகர் ஒருவருக்குச் சுவாஹிலியில் முதன்முறையாக எழுதுபவர்கள், சுற்றுலாக் கையேட்டில் கண்ட ‘ஜாம்போ’வையோ, இளைஞர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் ‘மாம்போ’வையோ கடிதத்தின் தலையில் வைக்க வேண்டாம். கீழ்க்கண்ட தொடக்கம் போதும்.

```
Ndugu Meneja wa Mauzo,
Salaam.
YAH: BEI YA KOROSHO GHAFI
```

முதல் வரி விற்பனை மேலாளரை விளிக்கிறது. ‘ண்டுகு’ என்னும் விளி ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்துவதால், பெறுபவரின் பெயரைக்கூட அறியாத நிலையில் அதுவே பாதுகாப்பானது. பெயர் தெரிந்தபின் ஆணுக்கு ‘ப்வானா’, பெண்ணுக்கு ‘பீ’ என முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். மரியாதை கூடட்டும் என்று ‘ம்ஹெஷிமிவா’ எழுதுபவர்கள் உண்டு; அது அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், நீதிபதி போன்றோருக்கு உரியது, வணிகருக்குச் சற்று மிகை. இளையவர் மூத்தவருக்கு நேரில் சொல்லும் ‘ஷிகமோ’வும் வயது தெரியாதவருக்கு எழுதும் முதல் கடிதத்துக்கு ஏற்றதன்று. மூன்றாம் வரி, பதப்படுத்தாத முந்திரியின் விலை குறித்து என்னும் பொருள்வரி.

வாட்ஸ்அப்பில் எழுதுவதானால் முறை சற்று மாறும். முதலில் `Habari za kazi?` என்று பணிநலம் விசாரித்து, `Nzuri` என்ற மறுமொழி வந்தபின் விலையைக் கேட்பது நல்லது. நலம் கேளாமல் விலையில் தொடங்குவது அங்கே முரட்டுத்தனமாகப் படும். காலை வணக்கம் சொல்ல விரும்பினால், நம் ஒன்பது மணி அங்கே ஆறரை என்பதைக் கணக்கில் கொள்க.